அமலினியின் கலியாணத்துக்கு வராத நடிகர்

அகஸ்ரினுக்குக் கையில் கமரா இருந்தால் பசி தெரியாது. காலையில் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயோதிப இத்தாலியச் சிஞ்ஞோரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, காப்பி கொடுத்துவிட்டுப் படியிறங்கினால் மிச்சப் பொழுதுக்கு அவர் கமராக்காரர்தான். பலெர்மோத் தமிழரின் ஞானஸ்நானம், கலியாணம், செத்தவீடு எல்லாம் அவருடைய யூடியூப் சனலில் நேரடியாகப் போகும். மன்னாரில் இருக்கிற சனம் அதைப் பார்த்து அழும், சிரிக்கும், யார் அந்தப் பச்சைச் சீலை என்று விசாரிக்கும்.

நல்ல மனிதர். கேட்காமலே உதவிக்கு ஓடிவருவார். ஆனால் பார்த்தவர் தொகை என்று வந்துவிட்டால் புத்தி கொஞ்சம் புல் மேயப் போய்விடும். தான் உயிரைக் கொடுத்து எடுத்த திருவிழாவை இருநூறு பேர் பார்க்க, யாரோ பூனையைக் குளிப்பாட்டுகிறதை இரண்டு லட்சம் பேர் பார்த்தால் மனுஷனுக்கு எரியாதா? எனக்கே எரிகிறது.

தேடுகிறவர் கண்ணில் படுவதற்காக வீடியோவுக்குப் போடுகிற டேக் என்பதை அவர் எங்கள் கலியாண அட்டையைப் போல விளங்கிக்கொண்டார். அதுதான் வினை. அட்டையில் மாமன், மச்சான், கனடாவில் இருக்கிற சித்தப்பா, வரமாட்டார் என்று தெரிந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்று எல்லாப் பெயரையும் போடுவோம். போட்டால் மரியாதை, விட்டால் மனஸ்தாபம். அதே கணக்கில் அகஸ்ரின் தென்னிந்தியாவின் பெரிய நடிகர் ஒருவரின் பெயரையும், சென்னையில் பேர்போன ஒரு பட்டுமாளிகையின் பெயரையும் தன் வீடியோக்களின் டேக்கில் போட்டார். அதோடு நிற்காமல் தலைப்பின் கீழேயும் வரிசையாக எழுதிவைத்தார். அந்த நடிகரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அகஸ்ரின் பட்டது போதும்.

கொஞ்சப் பேர் கூடுதலாக வந்தது உண்மை. நடிகரைத் தேடி வந்தவர்கள் மாதா சுரூபத்தைக் கண்டதும் அடுத்த நொடியே ஓடிப்போனதும் உண்மை. அப்படி எல்லாரும் ஓடினால் அந்த வீடியோவை யூடியூப்பும் பிறருக்குக் காட்டத் தயங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் பட்டுமாளிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விளம்பரம் தரப்போகிறார்கள் என்று அகஸ்ரின் துள்ளிக் குதித்தார். அவருடைய மனைவி கிளறாதான் கண்ணாடியைப் போட்டு அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தாள்.

"இஞ்சரப்பா, விளம்பரமும் இல்லை, மண்ணும் இல்லை. தங்கடை பேரை எடுக்கச் சொல்லுகினம். அது பதிவு செய்த வணிகப் பேராம். நீங்கள் தங்களோடை சேர்ந்த ஆள் எண்டு சனம் நினைக்குமாம். எடுக்காட்டி யூடியூப்பிட்டை முறைப்பாடு குடுப்பினமாம்."

"பேரைப் போட்டது அவைக்குப் பெருமையெல்லோ!"

"பெருமையோ சிறுமையோ, முதல்லை எடுங்கோ."

எடுத்தார். அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது. நடிகரின் பெயரை மட்டும் விட்டுவைத்தார். அந்த மனுஷன் எங்கே பலெர்மோத் திருவிழாவைப் பார்க்கப்போகிறார் என்பது அவருடைய நியாயம். நடிகர் பார்க்கவில்லை, யூடியூப் பார்த்தது. தொடர்பில்லாத பெயரைப் போட்டு ஆட்களை ஏமாற்றுகிறீர்கள் என்று திருவிழா வீடியோவை நீக்கி, இது எச்சரிக்கை, இனிமேல் தண்டனை என்று அறிவித்தது. "முதல் தரம் தானே" என்று அகஸ்ரின் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அப்போதுதான் அமலினியின் கலியாணம் வந்தது. அமலினி ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளை. தாய் இல்லை. தகப்பன் சூசைப்பிள்ளை மன்னாரில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் ஒரு காலை இழந்து கட்டிலோடு கிடக்கிறார். மகளைப் பீடத்துக்குக் கூட்டிப்போக வேண்டியவர், பார்க்கவாவது வேண்டும் என்று தவம் கிடந்தார். "அங்கிள், அப்பாவுக்கு உங்கடை லைவ் மட்டும்தான்" என்று அமலினி கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

அகஸ்ரின் உருகிப்போனார். உருகிய கையோடு லைவ் அறிவிப்பைச் சனலில் ஏற்றி, பழக்கதோஷத்தில் நடிகரின் பெயரையும் கீழே எழுதி, லிங்கை மன்னாருக்கு அனுப்பினார்.

கலியாணத்துக்கு முதல்நாள் அறிவிப்பு நீக்கப்பட்டது. இம்முறை தண்டனைதான். ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, அந்தச் சனலில் எதையும் ஏற்றவும் முடியாது, நேரடியாக ஒளிபரப்பவும் முடியாது. அகஸ்ரின் பதறிப்போய்ப் பழைய வீடியோக்களிலிருந்தும் நடிகரின் பெயரை அழித்தார். அழித்தாலும் தண்டனை போகவில்லை. மேல்முறையீடு செய்தார், அதுவும் சரிவரவில்லை.

"உம்மடை பேரிலை ஒரு சனல் திறந்து அதாலை விடுவமே?" என்று கிளறாவைக் கேட்டார்.

"தடையிலை இருக்கிற ஆள் வேறை சனலாலை போனால் அதுவும் களவுதானாம், ரெண்டையும் மூடிப்போடுவினமாம். வாசிச்சுப் பாத்திட்டன். போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ."

போனார். அமலினி கத்தவில்லை. "என்ரை கலியாணத்துக்கு அந்த ஆளின்ரை பேர் ஏன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

பிற்பகல், போர்கோ வெக்கியோப் பகுதியில் கோயில் வாசலில் மணமகள் வந்திறங்கினாள். அகஸ்ரின் பெரிய கமராவைக் கிளறாவின் கையில் கொடுத்துவிட்டு, தன் போனிலிருந்து மன்னாருக்கு வாட்ஸப்பில் வீடியோ அழைப்பு எடுத்தார். சூசைப்பிள்ளையின் தங்கை றோசமலர்தான் போனை எடுத்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது. கட்டிலைச் சுற்றிப் பத்திருபது வெறுங்கதிரைகள்.

"லைவிலை அந்த நடிகர் வாறார் எண்டு ஊர்ப் பெடியள் எல்லாம் வந்து குவிஞ்சிருந்தவங்கள், தம்பி. லிங்க் வேலை செய்யேல்லை, ஏசிப்போட்டு எழும்பிப் போட்டாங்கள். அண்ணை மட்டும்தான் இருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொல்லி அடம்."

அகஸ்ரின் போனை மணமகளின் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்பா" என்றாள் அமலினி. பிறகு என்ன நினைத்தாளோ, போனை அவர் கையிலிருந்து வாங்கிப் பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓகன் இசை தொடங்கியது. தகப்பனைக் கையில் ஏந்தியபடி அவள் தனியே பீடத்துக்கு நடந்தாள்.

கமராக்கார மூளை சும்மா இருக்குமா? அந்தப் பிடியில் போன் மேலே பார்க்கிறது, கிழவருக்குக் கோயில் முகட்டைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அகஸ்ரின் தவித்தார். பீடத்தடியில் அவள் போனைத் திருப்பித் தந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நடந்து வந்ததை நீங்கள் பாக்கேல்லை" என்றார்.

சூசைப்பிள்ளை சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"முகடுதான் தம்பி தெரிஞ்சது. ஆனா பிள்ளையின்ரை மூச்சுக் கேட்டது. பயந்து பயந்து நடந்தவள். 'பயப்பிடாதை, அப்பா வாறன்' எண்டு சொல்லிச் சொல்லி நானும் கூட வந்தனான். இப்ப அவளைக் காட்டும்."

அகஸ்ரின் தூணைவிட்டு வெளியே வந்து, இரண்டு கையாலும் போனை உயர்த்திப் பிடித்தார். பூசை முடியும்வரை இறக்கவில்லை.