மரியம்மாளிடம் கேட்காத கேள்வி

சவரிமுத்துவின் கழுத்தில் வந்த கொப்புளம் வலிக்கவே இல்லை. அதனால்தான் அவன் மனைவி மரியம்மாளும் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோல் கட்டுகளைக் கழுத்திலும் தோளிலும் சுமக்கிறவன் அவன். கீறலும் புண்ணும் இல்லாத நாள் அவனுக்குக் கிடையாது. ஆனால் இந்தக் கொப்புளம் நடுவில் கரியாகக் கறுத்தது. சுற்றிலும் வீங்கி, வீக்கம் மார்புக்கு இறங்கியது.

கூட வேலை செய்தவர்கள் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார்கள். "இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, பாத்தா நல்லா இல்ல." லோடு இறங்கட்டும் என்றார் மேஸ்திரி. மறுபடியும் சொன்னார்கள். லோடு இறங்கி முடிந்தபோது சவரிமுத்துவுக்கு நினைவில்லை. மாட்டு வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அது 1936இல். மரியம்மாள் அதே ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலுக்கு முடி நீக்கும் வேலையில் இருந்தாள். புருஷனைப் புதைத்த பிறகும் அங்கேதான் போனாள். வேறு எங்கே போவது? சவரிமுத்துவின் அண்ணன் சின்னப்பன் வீட்டில் ஒரு ஓரத்தில் அவளுக்கும் அவள் மகளுக்கும் இடம் கிடைத்தது.

அடுத்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. தோல் வேலையில் வரும் நோயைப் பற்றி ஜனங்களுக்குக் காட்ட ஒரு சின்ன பேசும்படம். செலவு தோல் முதலாளிகளுடையது. தொழிலாளிப் பெண்கள் ஆம்பளைகளிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்று, கேள்வி கேட்க அஜீஸுன்னிசாவை ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்க வீடு வீடாகப் போகிற நர்ஸ் அவர். ஊரில் எல்லாருக்கும் பழக்கம்.

மரியம்மாளை ஷாப் வாசலில் நிற்க வைத்தார்கள். தலைக்கு மேலே கழியில் மைக் தொங்கியது. பிலிம் விலை ஜாஸ்தி என்பதால், அஜீஸுன்னிசா கேள்வியைக் கேட்டு முடிக்கும்போதுதான் எந்திரத்தை ஓட்டினார்கள். பதில் மட்டும் பதிவானால் போதும் என்பது காமிராக்காரரின் கணக்கு.

அஜீஸுன்னிசா கேட்டது இது: "உன் வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி, கூட இருந்தவங்க மேஸ்திரிகிட்ட சொன்னாங்களா?"

எந்திரம் ஓடியது. மரியம்மாள் சொன்னாள்: "எத்தினியோ தரம் சொன்னாங்க. அவருதான் காதுலயே வாங்கல."

மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டியபோது, ஷாப் விட்டு வந்த ஜனம் அப்படியே கை கால் கழுவாமல் உட்கார்ந்தது. திரையில் கறுப்பு அட்டை ஒன்றில் வெள்ளை எழுத்தாகக் கேள்வி வரும். பிறகு முகம் வந்து பதில் சொல்லும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எழுத்தை உரக்கப் படித்தார். தமிழில் படித்துவிட்டு உருதுவிலும் சொன்னார்.

ஒரு அட்டை வந்தது. அவர் படித்தார்: "கழுத்தில் காயத்தோடு தோல் சுமக்கக் கூடாது என்று உன் கணவருக்குச் சொன்னார்களா?"

மரியம்மாளின் முகம் திரையில் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தது. பிறகு சொன்னது: "எத்தினியோ தரம் சொன்னாங்க. அவருதான் காதுலயே வாங்கல."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மரியம்மாள் எழுந்தாள். "இத என்கிட்ட கேக்கல! யாரும் இத கேக்கல!" என்று கத்தினாள். அதற்குள் அடுத்த ஆள் பேச ஆரம்பித்திருந்தான். ஒலிபெருக்கியின் முன்னால் அவள் குரல் எடுபடவில்லை.

சின்னப்பன் வீட்டுக்குள் அவளை விடவில்லை. "செத்தவன் மேலயே பழி போட்டுட்டியே. யோசிச்சி வேற சொன்ன. நான் பாத்தேனே, நின்னு யோசிச்சித்தான் சொன்ன."

"நான் மேஸ்திரிய சொன்னேன், மாமா."

"புருஷன அவருன்னுதான் சொல்லுவ. மேஸ்திரியவா அவருன்னு சொல்லுவ?"

இரண்டு பேரையும் அவள் அப்படித்தான் சொல்வாள். மகளைக் கூட்டிக்கொண்டு அன்று ராத்திரி அஜீஸுன்னிசா வீட்டுக்குப் போனாள். மேஸ்திரியிடம் போய்ப் பேசியவர்கள் கூட மறுநாள் ஷாப்பில் அவள் பக்கம் திரும்பவில்லை. தாங்கள் பேசியதையே அவள் இல்லையென்று ஆக்கிவிட்டாள் என்று நினைத்தார்கள்.

அஜீஸுன்னிசா அவளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூரில் ரயில் ஏறி மெட்ராஸுக்குப் போனார். கம்பெனியில் படத்தை வெட்டி ஒட்டுகிறவர் பஞ்சாட்சரம் என்பவர். அட்டைகளுக்கு வாசகம் எழுதியதும் அவர்தான். எதையும் மறைக்கவில்லை.

"எனக்கு வந்தது பதில் மட்டுந்தாம்மா. கேள்வி எதுன்னு ஒரு சீட்டுகூட இல்ல. பதிலுக்குப் பொருந்துறாப்ல நானே எழுதினேன்."

ஒரு துண்டு பிலிமை எந்திரத்தில் போட்டு ஓட்டினார். படத்தில் சேர்க்காமல் வெட்டிய முனை அது. ஓட ஆரம்பித்த எந்திரம் முழு வேகத்துக்கு வரும் முன்பே பதிவானதால், குரல் கீச்சென்று கேட்டது. "...னாங்களா?"

"என் குரல்தான்," என்றார் அஜீஸுன்னிசா.

"இத வச்சித்தான் 'சொன்னார்களா'ன்னு முடிச்சேன். முன்னாடி இன்னா இருந்துச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் யோசிச்சேன்னு சொல்றாங்களே, ஐயா," என்றாள் மரியம்மாள். "நான் உடனேதான் சொன்னேன்."

பஞ்சாட்சரம் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் கோடு கோடாக ஒலி. "பேச்சு, அந்த உதட்டுக்குப் பக்கத்துல இருக்காது. இருபது கட்டம் முன்னாடியே இருக்கும். உதடு அசையிற எடத்துல வெட்டினா முதல் வார்த்தை போய்டும். அதனால உங்க சும்மா இருக்கிற முகத்தையும் கொஞ்சம் விட்டு வெட்டணும். அதத்தான் யோசனைன்னு நெனச்சிட்டாங்க."

புது அட்டை எழுதித் தருவதாகச் சொன்னார். அஜீஸுன்னிசா சொல்லச் சொல்ல, கேட்ட கேள்வியை அப்படியே எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனார்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். "இந்தக் கேள்விய வச்சா பதில் மேஸ்திரி தலையில விழுது. காசு போட்டவங்க ஒத்துப்பாங்களா?" அஜீஸுன்னிசாவைப் பார்த்தார். "நீங்க இதைத்தான் கேட்டீங்கன்னு இன்னா அத்தாட்சி?"

"நான்தான் கேட்டவ. இவதான் பதில் சொன்னவ. வேற இன்னா வேணும்?"

"படத்துல இல்லையே."

கடைசியில் அவர் இரண்டு வழி சொன்னார். அட்டை இப்போது இருக்கிறபடியே இருக்கும். இல்லாவிட்டால் அட்டையும் பதிலும் இரண்டும் போகும். சரியான கேள்வியோடு அந்தப் பதில் வராது.

அஜீஸுன்னிசா வாதாடினார். மரியம்மாள் அவர் கையைப் பிடித்தாள். "போதும் நர்சம்மா. எடுத்துடச் சொல்லுங்க. நானே பேசாத மாதிரி ஆவட்டும்."

பஞ்சாட்சரம் அவள் கண்ணெதிரிலேயே வெட்டினார். வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினார். எந்திரம் ஒலியைப் படிக்கும் இடத்தை ஒட்டு தாண்டும்போது டப்பென்று சத்தம் வராமலிருக்க, அந்த இடத்து ஒலிக்கோட்டின் மேல் மையால் ஒரு முக்கோணம் தீட்டினார். வெட்டிய துண்டு தொட்டியில் விழுந்தது.

"அது இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"கழிவு பிலிம்மா. எடைக்குப் போட்டா அதுல இருக்கிற வெள்ளிய பிரிச்சி எடுப்பாங்க."

ஏற்கெனவே வெளியூர்களுக்குப் போன பிரதிகளைத் திருப்பி வாங்க முடியாது என்றும் அவர் சொன்னார். பேரணாம்பட்டுக்கு அந்தப் படம் மறுபடி வரவே இல்லை. பார்த்தவர்கள் பார்த்ததையே வைத்துக்கொண்டார்கள். அஜீஸுன்னிசா சின்னப்பனிடம் இரண்டு தடவை போய் நடந்ததைச் சொன்னார். "நீங்க கேட்டதா சொல்றீங்க. நான் அங்க படிச்சிக் காட்டினதக் கேட்டேன்," என்றார் அவர்.

மரியம்மாள் மகளோடு ஜோலார்பேட்டைக்குப் போனாள். ரயில்வேக்காரர்கள் குடியிருந்த லயனில் வீட்டு வேலை செய்தாள். பிறகு நிலக்கரி பொறுக்கினாள். மகளுக்குக் கல்யாணம் பேச வந்தவர்களில் யாரோ ஒருவன் வாலாஜாவில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான். "அப்பன் செத்தது அவன் பிடிவாதத்தாலயாமே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டான். மகள் அம்மாவைப் பார்த்தாள். மரியம்மாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்: கொப்புளம், லோடு, மேஸ்திரி, நர்சம்மா கேட்ட கேள்வி. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை.