ஏழு வெள்ளி உப்பு

ஜப்பான்காரன் காலம் முடியப்போகிற சமயம். லகாட் டவுனுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழு வயசுப் பிள்ளைகளுக்குக் காசுக் கணக்கு சொல்லித்தர மங்களம் டீச்சர் விளையாட்டுக் கடை வைத்திருந்தாள். ஓட்டுச் சில்லு ஒரு வெள்ளி. ஜப்பான் நோட்டில் இருப்பதுபோல வாழைமரம் வரைந்த காகிதம் பத்து வெள்ளி.

தோட்டத்துக் கணக்கெழுதிச் சம்பளம் போடும் கிராணி உடையப்பன் உள்ளே வந்தார். "கள்ள நோட்டா அடிக்கிற? ஜப்பான்காரன் தலைய வெட்டிருவான்லா" என்று காகித நோட்டுகளைக் கிழித்தெறிந்தார்.

மங்களத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அவர் தந்த சம்பளத்தில் ஒரு பத்து வெள்ளி நோட்டை முந்தானையிலிருந்து அவிழ்த்து அவர் முன்னால் போட்டாள்.

"லகாட் கடையில இத வாங்க மாட்டேன்னுட்டாங்க. இதையும் கிழிங்க."

கிராணி அந்த நோட்டைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மங்களம் அதை எடுத்து, விளையாட்டுக் கடையில் கடைக்காரியாக உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் நீட்டினாள். "ராக்காயி, நீ வாங்கிக்க. ஏழு வெள்ளி உப்பு. மிச்சத்த ஐயாகிட்ட எண்ணிக் குடு."

"எட்டு, ஒம்பது, பத்து" என்று எண்ணி, மூன்று ஓட்டுச் சில்லைக் கிராணியின் கையில் வைத்தாள் ராக்காயி.