ஆடியில் ஏறிய புள்ளி

துறைமுகத் தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாக, அதன் சொந்தக்காரர், கிண்ணியா ஊரில் இருக்கும் நானா, சொன்னார். எனக்கு அந்த வீட்டை விட மனமில்லை. வீட்டுக் கடன் கேட்பதற்கு முன், சீட்டுக் காசை எடுத்துக் கிரெடிட் காட்டில் நிரம்பியிருந்த கடனை முழுதாக அடைத்தேன். ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க ஏலாதென்று என் கணவர் நின்ற நிலையில் என்னை வங்கிக்கு இழுத்துப் போனார்.

கடன் பிரிவில் இருந்த பெண் எங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, கிரெடிட் காட்டுக் கடன் இன்னும் முழுசாக் கிடக்கு. அதால உங்கட கடன் புள்ளியும் குறைவு."

"முந்தநாள்தான் கட்டி முடிச்சனான்!"

"ஓம், ஆனா காட் தந்த வங்கி மாசத்துக்கு ஒருக்காத்தான் விபரம் அனுப்பும். இதில நிக்கிறது போன மாசக் கடைசிக் கணக்கு. இந்த மாசக் கணக்குப் போய் ஏற, ஒரு மாசம், சிலவேளை ஒன்றரை மாசமும் போகும்."

"கட்டி முடிச்ச கடிதம் கொண்டு வந்தா?"

"கோப்பில வைப்பன். புள்ளி அதுக்கு மாறாது. இப்ப அனுப்பினா நீங்கள் கேக்கிற தொகை கிடைக்காது. புள்ளி ஏறும்வரைக்கும் காட்டைத் தொடாதேங்கோ."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. நிரப்பிய விண்ணப்பத்தை அவள் மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

அடுத்த நாளே கிண்ணியாவுக்குப் போனேன். நானா ஒளிக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, ஈச்சிலம்பற்று ஆள் ஒருத்தர் முழுக் காசோட நிக்கிறார்."

"அப்ப எழுதிக் குடுக்கப் போறீங்களோ?"

"நான் எப்பவோ எழுதியிருப்பன். அவர்தான் ஆடியில வீட்டு உறுதிப் பத்திரம் எழுத மாட்டாராம். ஆவணியில முதல் நல்ல நாளுக்கு வாறாராம். அதுக்கு முதல் வங்கி சம்மதிச்ச கடிதத்தோட வந்தீங்களெண்டா வீடு உங்களுக்கு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் வாழ்நாளெல்லாம் திட்டிய ஆடி மாதத்தை முதன்முதலாக வாழ்த்தினேன். காட்டைக் கணவரின் பேர்சிலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

ஆடி முடியச் சில நாட்கள் இருக்க, அந்த வங்கிப் பெண் போன் எடுத்தாள். "அக்கா, காட்டுக் கடன் பூச்சியமெண்டு விழுந்திட்டுது. புள்ளியும் ஏறிட்டுது. ரெண்டு பேரும் வந்து புதுத் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

கணவரைப் பார்த்தேன். ஆடிக்கு அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று யோசித்தேன். அவரோ மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆடியெல்லோ?" என்றேன்.

"விண்ணப்பம் ஆனியில நிரப்பினதுதானே? வண்டியில ஏறும், கெதியா."

வங்கியின் சம்மதக் கடிதம் கிடைத்த அன்றே அதைக் கிண்ணியாவில் நானாவிடம் கொடுத்தோம். சில நாள் கழித்து, ஆவணி பிறந்ததும், நல்ல நேரம் பார்த்து, விபரம் தெரியாமல் பட்டு வேட்டியோடு ஈச்சிலம்பற்றுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பாவமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்குள் கூப்பிட்டு, கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.