போர்டிகோ போட்டோவும் நைட் டூட்டிக் கேள்வியும்

"புஷ்பம், இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். நான் குரூப்ப விட்டு வெளிய வாறேன்."

மணவாளக்குறிச்சியிலிருந்து பெண்ணைப் பெற்ற தங்கராஜ் அண்ணன் இப்படிப் போன் பண்ணினபோது நான் கோட்டாற்றுச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். சாளையை அப்படியே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். "எண்ணே, வெளிய போனா 'லெஃப்ட்'னு காட்டும். அதுக்குப் பொறவு சேர்த்தாலும் பழைய மாதிரி இருக்காது. சாயங்காலம் வரைக்கும் பொறுங்கோ" என்றேன். பொறுத்தார், பாவம்.

கல்யாண ஆலோசனை பார்க்கிற வேலையில் தலை நரைத்தவள் நான். முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து பேச்சைச் சுமப்போம். இப்போது இரண்டு வீட்டாரையும் என்னையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் போட்டுவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் அவர்கள் பேசுவார்கள், நான் வாசிப்பேன். சம்பளம் வாசிக்கிறதுக்குத்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஒன்று தெரிந்துகொள்ளணும். வேண்டியதை யாரும் டைப் பண்ண மாட்டார்கள். எழுத்தில் கேட்டால் கேஸ் ஆகும் என்று பயம் ஒன்று, மரியாதை போகும் என்று பயம் இன்னொன்று. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க செய்யத செய்யுங்கோ" என்று முதலில் வரும். பின்னாலேயே மூத்த மருமகளின் கல்யாண ஆல்பம், கழுத்து நிறைய நகையோடு, சும்மா பார்க்க என்று வரும். அதுதான் கேள்வி. காலியாகக் கிடக்கிற கார் போர்டிகோவைப் படம் எடுத்து அனுப்பினால் கார் வேண்டும் என்று இந்த ஜில்லாவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

தங்கராஜ் அண்ணனுக்குக் கோபம் வந்தது அந்தப் போர்டிகோவில்தான். மாப்பிள்ளை ஜெனினுக்கு மார்த்தாண்டத்தில் எலக்ட்ரிக்கல் கடை. அவன் அம்மா ஸ்டெல்லா வீட்டு முகப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாலு நாள் கழித்து அதே முகப்பு, இன்னும் கொஞ்சம் பக்கத்திலிருந்து.

அதோடு நைட் டூட்டி. அண்ணன் மகள் ஷைனி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். "மோளுக்கு நைட் டூட்டி உண்டுமா?" என்று ஸ்டெல்லா கேட்டார். உண்டு என்று பதில் போயிற்று. பிறகு, "நைட் டூட்டின்னா பகல் முழுக்க வீட்லதானே இருப்பா?" இன்னொரு நாள், "லீவு லேசுல கிடைக்குமா?"

"காரும் வேணும், பிள்ள வேலையவும் விடணும். கொள்ளாம் புத்தி" என்றார் அண்ணன். ஷைனியோ என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்: "அக்கா, அவரு போன்ல பேசினது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வேலைய விடச் சொன்னா நான் இல்ல." பிள்ளை ஆசைப்படுவதும் பயப்படுவதும் ஒரே வீட்டைப் பார்த்துத்தான். இந்த முடிச்சை நான்தான் அவிழ்க்கணும்.

வீட்டுக்கு வந்து சாயா போட்டுக்கொண்டு குரூப்பை முதலிலிருந்து வாசித்தேன். நான் பார்ப்பது மூன்று: எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள், எந்தப் பதிலுக்குச் சந்தோஷப்படுகிறார்கள்.

சந்தோஷம் முதலில் கண்ணில் பட்டது. "எந்த வார்டு?" என்று ஸ்டெல்லா கேட்டிருந்தார். மாமியார்கள் சம்பளம் கேட்பார்கள், வார்டு கேட்டு நான் கண்டதில்லை. "மெடிக்கல் வார்டு, பக்கவாதக்காரங்கதான் கூடுதல்" என்று அண்ணன் எழுதியதும், "கர்த்தர் கொண்டுவந்த ஆலோசனை" என்று கைகூப்பிய பொம்மை நாலு. வேலையை விடச் சொல்லப் போகிறவள் வேலையைப் பார்த்து எதற்குச் சந்தோஷப்படுகிறாள்?

அடுத்து, தாண்டிப் போன கேள்வி. "மாப்பிள்ளைக்க அப்பா என்ன செய்யாவ?" என்று அண்ணன் கேட்டதற்கு, "ரிட்டயர்டு வாத்தியார், வீட்லதான்" என்று பதில். "ஒருநாள் சாரோட பேசணுமே" என்றபோது பதிலே இல்லை, ஒரு பைபிள் வசனம் மட்டும். அனுப்பின போட்டோக்களில் மனுஷன் கறுப்பு மீசையோடு நிற்கிறார். இருபது வயசு குறைவாக இருக்கும்.

அப்போதுதான் போர்டிகோ படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் புதுசாய்ப் பூசின சிமெண்டுச் சரிவு, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. வீல் சேர் ஏற்றுகிற சரிவு. ஸ்டெல்லா அனுப்பினது போர்டிகோவை இல்லை, அந்தச் சரிவை.

நோயாளியை மறைத்துவிட்டு, நர்ஸ் மருமகளைச் சம்பளமில்லாத ஹோம் நர்ஸ் ஆக்கப் பார்க்கிறாளே என்று எரிச்சல் வந்தது. எங்கள் ஊரில் நடக்காத காரியமா?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. குரூப்பில் கேட்டால் சம்பந்தம் அத்தோடு தீர்ந்தது. ஸ்டெல்லாவுக்கு நேராய்ப் போன் போட்டேன். "மறைச்சீங்களோ" என்று கேட்கவில்லை. "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். தெரிந்தவள் மாதிரி கேட்டால் சொல்லுகிறவர்களுக்குப் பாரம் குறையும்.

போனிலேயே அழுதார். "பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து போச்சு. முன்ன ரெண்டு ஆலோசனை இதச் சொன்ன மறுநாளே நின்னு போச்சு. அதான் அவியளாவே மனசிலாக்கட்டும்னு அந்தச் சரிவப் படமெடுத்துப் போட்டேன். ஒருத்தரும் கேக்கல்ல."

"அவிய கார்னு நெனச்சாவ."

"காரா? எங்க வீட்ல யாருக்கும் ஓட்டவே தெரியாதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அழுகையோடு சிரித்தார்.

மாப்பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டேன். அம்மா சொல்லியாச்சு என்றே அவன் நினைத்திருந்தான். அன்று சாயங்காலமே தங்கராஜ் அண்ணனுக்கும் ஷைனிக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றார். "போய்ப் பாத்துட்டுச் சொல்லுவோம்ப்பா" என்றாள் மகள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போனோம். ஷைனி ஹாலில் உட்காரவே இல்லை, நேரே சார் படுத்திருந்த அறைக்குப் போனாள். சாரின் குதிகாலையும் முதுகையும் பார்த்தாள். "படுக்கைப் புண்ணு ஒண்ணுகூட இல்லையே. யாரு திருப்பிப் போடுது?"

"நானும் ஜெனினும்தான் மக்கா" என்றார் ஸ்டெல்லா.

ஷைனி நிமிர்ந்து நின்றாள். "மாமி, ஒண்ணு சொல்லணும். நான் வேலைய விட மாட்டேன். டூட்டி பாத்துட்டு வந்து வீட்லயும் முழு நேரம் பாக்க எனக்குத் தெம்பு கிடையாது." தங்கராஜ் அண்ணன் துண்டைப் பிடித்துக் கசக்கினார்.

"ஐயோ, ஒன்ன யாரு பாக்கச் சொன்னா?" என்றார் ஸ்டெல்லா. "அதுக்குத்தான் நாங்க இருக்கோமே. அவருக்கு வாயோரம் எச்சில் ஒழுகும், பேச்சு குழறும். போன வருசம் அவரப் பாக்க வந்த சொந்தக்காரப் பிள்ளையொருத்தி மூக்கப் பொத்திக்கிட்டா. அன்னைக்கு முழுக்க இவரு கஞ்சி குடிக்கல்ல. இவரப் பாத்து முகம் சுளிக்காத ஒருத்தி வேணும். அத நான் எப்பிடி மோளே டைப் பண்ணுவேன்?"

லீவு விசாரித்தது கல்யாணத் தேதி குறிக்க என்றார், நைட் டூட்டி விசாரித்ததற்கும் காரணம் சொன்னார். பகலில் தூங்குகிற பிள்ளைக்குச் சாரின் முனகல் கேட்காத மாடி அறையைச் சரிபண்ணலாமா என்று யோசித்திருக்கிறார்.

ஷைனி பக்கத்தில் கிடந்த துவாலையை எடுத்துச் சாரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். அண்ணன் கசக்கின துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளைக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாட்ஸப் பேச்சை வாசித்தால் அவர்களுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெரியும், என்ன வேண்டும் என்று தெரியாது. அதற்குப் போன் போட்டுக் கேட்கணும். நான் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், ஒரு நல்ல பொம்பளையைச் சம்பளமில்லாத வேலைக்கு ஆள்பிடிக்கிறவள் என்று எழுதித் தள்ளியிருப்பேன்.