ஆறு பில்லுக்கு ஒரு கடிதம்

எனக்குக் கோபம் வந்தால் போனை எடுப்பேன். கடிதம் எழுதும் வழக்கம் இல்லை. இருபது வருடம் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக மூன்று லாரி வைத்தவன் நான். உத்திரமேரூரில் மானாம்பதி ரோட்டில் ஷெட். பணம் வரவில்லை என்றால் கத்துவேன், வந்துவிடும். அப்படித்தான் தொழில் நடந்தது.

தாமல் பக்கம் இருந்த மாட்டுத் தீவனக் கம்பெனியிடம் மட்டும் கத்தியும் வரவில்லை. என் மூன்று லாரியும் பெரும்பாலும் அவர்கள் மூட்டையைத்தான் ஏற்றின. வேலூர், திருவண்ணாமலை என்று கடை கடையாக இறக்க வேண்டும். அந்தக் கம்பெனி போனால் ஒரு லாரியை விற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட கம்பெனி ஆறு பில்லுக்கு வாடகை தராமல் இழுத்தது. பெரிய லாரிக்கு இன்சூரன்ஸ் முடிய ஒன்பது நாள் இருந்தது. கட்டாவிட்டால் லாரி ஷெட்டில் நிற்கும். அதை ஓட்டுகிறவன் என் கூடவே கிளீனராக இருந்து டிரைவர் ஆனவன். வண்டி நின்றால் அவன் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடை வைத்திருந்த அம்மாவுக்கு என்னை விட ஐந்தாறு வயது குறைவு இருக்கும். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டா மனு, கரண்டு ஆபீஸ் மனு எல்லாம் அவர்தான் டைப் அடித்துத் தருவார்.

"கம்பெனிக்கு ஒரு லெட்டர் அடிம்மா. சொல்றேன், அப்படியே அடி" என்றேன்.

"சொல்லுண்ணே."

"மூணு நாள்ல பணம் வரலைன்னா, அடுத்த லோடு மூட்டைய இறக்க மாட்டேன். வண்டியோட ஷெட்டுல போட்டுப் பூட்டிடுவேன். எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன்."

அவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எவன் வந்து கேக்கறான்னும் அடிக்கணுமா?"

"அடி."

"அடிக்கறேன். கம்பெனி இத எடுத்துக்கினு ஸ்டேஷனுக்குப் போனா, யார் அடிச்சிக் குடுத்ததுன்னு என் கடைக்கும் வருவாங்க. அதுக்குச் சேத்து இருநூறு ரூவா ஆகும், பரவாயில்லையா?"

பக்கத்தில் ஆதார் நகல் எடுக்க நின்றவன் சிரித்தான். நான் அவனை முறைத்தேன்.

"சரி, நீயே எழுது. எப்படி எழுதுவ?"

"எத்தன பில்லு, எந்தத் தேதில குடுத்த, எத்தன நாள்ல தரேன்னு பேசிக்கினது, அத சொல்லு முதல்ல. பேசிக்கினதுக்குப் பேப்பர் கீதா?"

இருந்தது. வாடகை பேசியபோது கம்பெனி முதலாளியும் நானும் கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள். வீட்டுக்குப் போய் ஃபைலை எடுத்து வந்தேன். அவர் அந்தத் தாளை மெதுவாக வாசித்தார். நான் கையெழுத்துப் போட்ட அன்று வாடகைத் தொகையை மட்டும் பார்த்தவன். மீதியை அவர் வாசித்தபோதுதான் காதில் கேட்டேன். பில்லும், அதோடு சேர வேண்டிய எல்.ஆர். நகலும் கம்பெனி ஆபீசுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வங்கியில் பணம் போடுவார்கள் என்று இருந்தது. எல்.ஆர். என்பது லாரி ரசீது. சரக்கை இறக்கிக்கொண்ட கடைக்காரர் மூட்டை சரியாக வந்தது என்று அதில் கையெழுத்துப் போட்டு சீல் குத்தித் தருவார். அது இல்லாத பில் வெறும் தாள்.

"பில்லு குடுத்தப்ப உன் காப்பில வரவு சீல் போட்டுத் தந்தாங்களா?" என்றார்.

"தருவாங்க. எல்லாத்துலயும் இருக்கும்."

மேசைமேல் பரப்பினோம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. நான்கிலும் சீலும் தேதியும் இருந்தன. நாற்பத்துமூன்றும் நாற்பத்துநான்கும் இல்லை. ஃபைலைக் கவிழ்த்து உதறினேன். ஒரு டீசல் ரசீதுதான் விழுந்தது.

"அந்தக் கம்பெனிக் கணக்குக்காரன் வாங்கி வெச்சிக்கினு சீல் போடாம அனுப்பிட்டான். திருடன்" என்றேன்.

"நீயா கொண்டு போய்க் குடுத்தது?"

யோசித்தேன். நினைவில்லை. பெரிய லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். அவன் ஆரணியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், பூசை சமயத்துல வேலூர் போனியே, ரெண்டு நட. அந்த எல்.ஆர். எங்கடா?"

"இன்னா நைனா, மறந்துட்டியா? ஆயுத பூசைக்கு மொத நாளு உன் கையிலதான குடுத்தேன். நீதான் பில்லோட சேத்துப் பின் அடிச்சி, ஆர்.சி. புக்கு மேல வெச்சி சந்தனம் தெளிச்ச. நான்தான் பூசணிக்கா ஒடச்சேன். அதாவது ஞாபகம் கீதா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வந்தது. ஆயுத பூஜைக்கு ஷெட்டில் லாரி மூன்றையும் கழுவி வாழைக்கன்று கட்டுவோம். வண்டிப் புத்தகங்கள், கணக்கு நோட்டு, கையில் இருக்கும் பில்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடுக்கி மஞ்சள் குங்குமம் வைப்போம். பூஜையில் வைத்ததை அன்று தொடுவதில்லை. மறுநாள் காலையில் அவசர லோடு வந்தது. நான் அடுக்கை அப்படியே மஞ்சள் துணியில் கட்டி இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு வண்டியோடு போனேன். பில்லைக் கொடுத்தாயிற்று என்று என் தலை முடிவு செய்துகொண்டது.

ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூட்டைக்குள் இரண்டு பில்லும் அதன் எல்.ஆர். நகல்களும் இருந்தன. மேல் தாளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. ஒரு மாதமாக அந்தக் கணக்கரைப் போனில் என்னென்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் என்மேலேயே வந்து நின்றது.

கடைக்குத் திரும்பி அந்த அம்மாவிடம் காட்டினேன்.

"குங்குமம் வெச்ச பில்லு இப்பதான் பாக்கறேன்" என்றார். "லட்சுமி பெட்டியிலயே தங்கிட்டா."

"கிண்டல் வாணாம். இத எழுத வாணாம். ஆறு பில்லும் பாக்கின்னு சும்மா அடி. இது ரெண்டையும் கூட வெச்சிக் குடுத்துடறேன்."

"அவங்ககிட்ட இல்லாத ரெண்டுக்கு முப்பது நாள் தாண்டிடுச்சின்னு எழுதினா, அது பொய்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அப்பறம் மத்த நாலையும் செக் பண்ணிட்டுத் தரோம்பாங்க. உனக்கு ஒன்பது நாள்தான் கீது."

அடி என்று கை காட்டினேன். அவர் அடித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் நான் சண்டை போட்டேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் சரக்கை ஏற்றிச் செல்லும் வாய்ப்புக்கு நன்றி. நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, பில்லும் எல்.ஆர். நகலும் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வாடகை வழங்கப்பட வேண்டும். கீழே உள்ள நான்கு பில்கள் தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்ட தேதிகளையும், தவணை முடிந்த தேதிகளையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இவற்றுக்குரிய தொகையை விரைவில் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். பில் எண் 43, 44 ஆகியவை எங்கள் தவறால் இதுவரை சமர்ப்பிக்கப்படவில்லை. அவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். அவற்றின் தவணை இன்று முதல் கணக்கிடப்படும். ஏற்கெனவே தொகை அனுப்பியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்."

"பொருட்படுத்த வேண்டாமா? எதுக்கு அது?" என்றேன்.

"அனுப்பிட்டு இருந்தா சண்ட வராம இருக்க."

"அனுப்பல."

"அனுப்பலன்னு உனக்குத் தெரியும். லெட்டருக்கு மரியாதைன்னு ஒண்ணு கீது இல்ல. கீழ அட்டவண போட்டுட்டேன், அதுல தேதி எல்லாம் கீது. அதுவே உனக்காகக் கத்தும்."

ஒப்பந்தத் தாளின் நகலையும், சீல் வைத்த நான்கு பில்லின் நகல்களையும் பின்னால் வைத்தார். அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றே தாமலுக்குப் போனேன். கணக்கர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கூட வைத்திருந்த பில்லில் ஒட்டிய குங்குமத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"இதத்தான் நான் ஒரு மாசமா கேட்டுக்கினு கீறேன்" என்றார்.

"எப்ப கேட்ட?"

"நீங்க எங்க பேச வுட்டீங்க? ஆறு பில்லுன்னு கத்துவீங்க, கட் பண்ணிடுவீங்க. எங்ககிட்ட நாலுதான் கீது. நீங்க ஆறுங்கறீங்க. கணக்கு ஒத்துப்போற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. திருப்பிப் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க."

எடுக்கவில்லைதான். நான் திட்டி முடித்த பிறகு அவர் நம்பர் வந்தால், சமாதானம் பேசப் போகிறான் என்று விட்டுவிடுவேன்.

"ஒரு வாட்சப்பு போட வேண்டியதுதான" என்றேன்.

"போட்டேன். நீங்க என்னை பிளாக் பண்ணி வெச்சிக்கினு கீறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் அந்த நான்கு பில்லை நிறுத்தியது அவர்கள் தப்பு. இரண்டு தாள் இல்லையென்றால் அந்த இரண்டுக்குத்தான் நிறுத்த வேண்டும். அதை அவரிடமே சொன்னேன், கத்தாமல். அவர் மறுக்கவில்லை. கடிதத்தையும் ஒப்பந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளே, "தேதி எல்லாம் அவங்களே போட்டுக் குடுத்துட்டாங்க சார், நம்ம சீலுதான்" என்று சொல்வது கேட்டது. வெளியே வந்து என் காப்பியில் வரவு சீல் வைத்தார். வியாழக்கிழமைதான் பணம் போடும் நாள் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வங்கி மெசேஜ் வந்தது. நான்கு பில்லும் முழுசாக. கையைக் கழுவிவிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் போய்க் கட்டினேன். நான்கு நாள் மிச்சம் இருந்தது. டிரைவருக்குச் சொன்னேன்.

"அப்ப வண்டி நிக்காதா?"

"நிக்காது. நாளைக்கு லோடு ஏத்து."

"சரி நைனா. எல்.ஆர். வந்தா உன் கையில குடுக்கட்டுமா, நேரா கம்பெனியிலயே குடுத்துடட்டுமா?"

அவனைத் திட்டினேன். பிறகு கம்பெனியிலேயே கொடு என்றேன்.

மீதி இரண்டு பில்லுக்கு முப்பது நாள் இருந்தது. இருபதாம் நாளில் என் கை போனுக்குப் போனது. எடுக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் கணக்கரே கூப்பிட்டார்.

"அண்ணே, ரெண்டு பில்லும் இந்த வியாழன் லிஸ்டுல கீது. லெட்டர் எழுதிடாதீங்க."

"எழுதல. பிளாக்கை எடுத்துட்டேன், பாத்தியா?"

"அதான் போனையும் எடுத்துட்டீங்களே" என்றார்.