எல்லாரும் டாலர் வாங்கிய வாரம்

1997 ஜூன் கடைசி. ஆரணியிலிருந்து போய் பாங்காக்கில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தேன். டாலருக்குச் சுமார் இருபத்தைந்து பாத் (தாய்லாந்து நாணயம்) என்ற விலையை அந்நாட்டு மத்திய வங்கி தன் டாலர் கையிருப்பை விற்றுத் தாங்கிக்கொண்டிருந்தது.

டாலரில் கடன் வாங்கி பாங்காக்கில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரி பதறி வந்தார்.

"யாரும் அவசரப்படலன்னா விலை நிக்கும்ங்க," என்றேன்.

"எல்லாரும் வாங்கிகினு இருக்காங்களே. நான் மட்டும் சும்மா இருந்து பாத் சரிஞ்சா, கடன் ஏறி கடையே போயிடும். ஜல்தியா குடுங்க."

கொடுத்தேன். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. ஒருவர் வாங்குவதைப் பார்த்து மற்றவரும் பயந்து வாங்கியதில் மத்திய வங்கியின் கையிருப்பு கரைந்தது. மதியம் என் சேமிப்பையும் டாலராக மாற்றினேன்.

ஜூலை 2 அன்று மத்திய வங்கி அந்த விலையைக் கைவிட்டது, பாத் சரிந்தது. அவர் கடை தப்பியது. வரிசையில் தாமதமாக வந்து பழைய விலைக்கு டாலர் கிடைக்காமல் போனவர்களை நினைத்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.