சுவரைத் திறந்த காரணம்

எங்கள் மேடம் ஒரு வீட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, படங்களுக்குக் கீழே எழுதும் கேப்ஷனைப் படிக்கப் பொறுமை வேண்டும். மற்ற இன்டீரியர் டிசைனர்கள் "கனவு இல்லம் தயார்" என்று ஒரு வரி போட்டு, பக்கத்தில் இரண்டு இதயத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஒரு பக்கம் எழுதுவார். எவ்வளவு செலவு, எத்தனை நாள், எதை ஏன் செய்தோம். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு படம்கூட வெளியே போகாது. நான் படம் எடுப்பவன். ஆறு வருடமாக அவருடைய எல்லா வீடுகளையும் நான்தான் எடுக்கிறேன். உயிரைக் கொடுத்து எடுத்த படத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, எல்லாரும் கேப்ஷனைத்தான் படிக்கிறார்கள் என்ற வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். படித்து முடித்ததும் அலமாரி செய்யும் ஒரு கம்பெனியில் விலைப்பட்டியல் போடும் வேலையில் இருந்தாராம். முதல் பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். கைப்பிடி, கீல், வண்டி வாடகை, வரி எல்லாம் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். வீடு முடியும்போது முதலில் சொன்ன தொகை ஒன்றரை மடங்காகியிருக்கும். வாடிக்கையாளர் வந்து கத்தும்போது முதலாளி கழிவறைக்குப் போய்விடுவார், முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது இவர். "நாலு வருஷம் மத்தவங்க மறைச்சதுக்கு நான் திட்டு வாங்கினேன். இனிமே நான் எதையும் மறைக்கப் போறதில்ல" என்றார். அவ்வளவுதான் அவருடைய கொள்கை. தன் கூலியையும் சேர்த்துத்தான் மொத்தம் போடுவார். ஒரு வீட்டில் தரை காய்வதற்கு முன்பே கூரைக்குச் சட்டம் அடிக்கச் சொல்லி, தரை ஓடு பெயர்ந்து வந்தது. அதையும் "என் அவசரம், எட்டு நாள் வீண்" என்று எழுதி வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் வேலை கொடுத்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். ஓய்வுப் பணத்தில் அப்போதுதான் வாங்கிய பதினான்கு வருடப் பழைய ஃப்ளாட், இரண்டு படுக்கையறை, நான்காவது மாடி. மேடத்தின் கேப்ஷன் ஒன்றையும் விடாமல் படித்திருந்தார். எந்த வீட்டுக்கு எத்தனை நாள் என்பது மேடத்தை விட அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு லட்சம், அறுபது நாள் என்று பேசி முடித்தார்கள்.

எண்பத்து மூன்று நாள் ஆனது. பதிமூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆனது.

இருபத்து மூன்று நாளும் ஒரு லட்சத்து அறுபதாயிரமும் ஒரே ஒரு சுவரால் வந்தவை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரில், இடுப்பு உயரத்துக்கு மேலே, ஆறடி அகலத்துக்குத் திறந்திருந்தார்கள். வேலை பாதி நடக்கும்போது திடீரென்று எடுத்த முடிவு. கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர் அது இல்லை என்று பொறியாளர் பார்த்துச் சொல்லி, குடியிருப்பு நிர்வாகம் அனுமதி தர ஒன்பது நாள். உள்ளே ஓடிய தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் வேறு பக்கம் திருப்ப நான்கு நாள். சுவரை வெட்டி மேலே கான்கிரீட் தாங்கி போட மூன்று நாள். அது இறுகும்வரை கை வைக்காமல் ஏழு நாள்.

அவர்கள் குடிவந்த மறுநாள் காலையில், நான் படம் எடுக்கப் போனபோது, இதையெல்லாம் நேரக்காப்பாளரே எனக்கு விரல் விட்டுச் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார்.

"காத்து வரணும்னு என் வீட்டுக்காரி சொன்னா, சரின்னேன். காத்துக்கு இவ்வளவு பெரிய ஓட்டையா? மேடத்தைக் கேட்டா, கேப்ஷன்ல எழுதுறேன் சார்னு சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் காத்திருக்கேன்."

எனக்கும் மூக்கு வியர்த்தது. அந்த வீட்டில் புரியாத விஷயம் சுவர் மட்டும் இல்லை. நீளமான கூடத்தில் மேடம் வட்ட மேசை போட்டிருந்தார், இடத்தை விழுங்கும் என்று அவரே எப்போதும் வேண்டாம் என்பார். சோஃபா தொலைக்காட்சியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சமையலறை விளக்கு மேடைக்கு நேர் மேலே இல்லை, சமைப்பவரின் முகத்தில் விழும்படி முன்னால் தள்ளி இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குக் கனமான திரை. காற்றுக்காகச் சுவரை உடைத்தவர்கள் ஜன்னலை ஏன் மூட வேண்டும்?

கேமராவுக்குள் கண்ணை விட்டபடி, "சார், கொஞ்சம் இடது பக்கம் நகருங்க" என்றேன். அவர் நகரவில்லை. மறுபடியும் சொன்னேன். சிலை மாதிரி நின்றார். என்னடா இது, மரியாதை தெரியாத மனுஷன் என்று எரிச்சலோடு கேமராவை முகத்திலிருந்து இறக்கி, மூன்றாவது தடவை சொன்னேன். உடனே நகர்ந்தார். சிரித்துக்கொண்டே, "இதை முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையலறைத் திறப்புக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

ஆபீசுக்கு வந்ததும் மேடத்தைப் பிடித்துக்கொண்டேன். மறைத்துப் பழக்கமில்லாதவர், உடனே சொல்லிவிட்டார். பெரியவருக்கு நாலைந்து வருடமாகக் காது மந்தம். ஒத்துக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் வாய்க்குள் முனகுகிறார்கள் என்பார். மருத்துவரிடம் வர மறுத்தார். சீட்டு ஆடும் இடத்தில் எவனோ செவிடன் என்று கேலி பேச, அன்றோடு அங்கே போவதை விட்டார். வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அந்த அம்மா ஒருநாள், அவர் இல்லாத நேரம் பார்த்து, வேலை நடக்கும் இடத்தில் வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாராம். "அவர் உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறார்மா. நான் பாதி நாள் சமையக்கட்டுல இருக்கேன். அங்கருந்து பேசினா சுவத்துக்குப் பேசற மாதிரி இருக்கு. ஏதாவது பண்ணு. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

சுவரைத் திறக்கும் யோசனை மேடத்துடையது. யார் எங்கே இருந்தாலும் முகம் தெரிய வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் கூடாது, எதிரொலி குறைய வேண்டும். வட்ட மேசை, சோஃபா, விளக்கு, திரை எல்லாம் அதிலிருந்து வந்தவை.

"அப்ப கேப்ஷன்ல என்ன எழுதுவீங்க?"

"அதான் ரெண்டு நாளா தெரியல."

எனக்குத் தெரிந்து மேடம் ஒரு கேப்ஷனுக்காகச் சாப்பாட்டை விட்டது அதுதான் முதல் தடவை. உண்மையை எழுதினால் அந்த மனிதரின் காதை ஊருக்கே சொன்ன மாதிரி, அதுவும் அவர் ஆவலாகக் காத்திருக்கும் இடத்தில். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் போகும். காற்றோட்டம் என்று எழுதினால் அது பொய். "எல்லாரும் காத்துன்னுதானே எழுதறாங்க, நீங்களும் எழுதுங்க" என்றேன். முறைத்தார். "ஒரு தடவை புளுகிட்டா, இதுக்கு முன்னாடி எழுதினதை எல்லாம் எவன் நம்புவான்?"

மூன்றாம் நாள் பதிவு போட்டார். மர வேலை, மின்வேலை, வண்ணம், தன் கூலி எல்லாம் வழக்கம்போல. வட்ட மேசைக்கு, "உட்காருகிற எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காக." சுவருக்கு மட்டும் இப்படி: "முதல் திட்டத்தில் இல்லை. ஒரு லட்சத்து அறுபதாயிரம், இருபத்து மூன்று நாள். யோசனை என்னுடையது, தாமதத்துக்கும் செலவுக்கும் பொறுப்பு நான்."

ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? மதியத்துக்குள் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு ஓட்டைக்கு ஒன்றே முக்கால் லட்சமா?" என்று ஒருவர். இல்லாத பதினைந்தாயிரத்தை அவரே சேர்த்துக்கொண்டார். "வயசானவங்க தலையில மிளகாய் அரைச்சுட்டீங்க" என்று இன்னொருவர். "காரணம் சொல்லாத முதல் கேப்ஷன். என்ன மறைக்கறீங்க?" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவரே கேட்டார். அதைப் படித்ததும் மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. திட்டு வாங்கிப் பழகியவர்தான். மறைக்கிறாய் என்று கேட்டுப் பழகவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பதில் எழுதக் கை பரபரத்தது. "போனைக் கீழ வை" என்றார்.

மாலை ஐந்து மணிக்குப் புதிதாக ஒரு கமென்ட் வந்தது. பெயருக்குப் பதில் பஸ் படம். முழுதாகவே சொல்கிறேன்:

"சுவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, வீட்டு உரிமையாளர் எழுதுவது. எனக்குக் காது சரியாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். பழைய வீட்டில் என் மனைவி சமையலறையிலிருந்து என்ன பேசினாள் என்று நாலு வருடமாக எனக்குத் தெரியாது. இங்கே குடிவந்த நாலு நாளாகத் தெரிகிறது. முதல் இரண்டு நாள் வீட்டில் சத்தம் நன்றாக வருகிறது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசினாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது புரிந்தது. டிசைனர் யாரையும் ஏமாற்றவில்லை. இருபத்து மூன்று நாள் தாமதம் என்ற என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். நான்தான் நாலு வருடம் தாமதம்."

நான் வாய்விட்டுப் படித்தேன். மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, நான் எதுவும் சொல்லல. சத்தியமா."

"தெரியும்மா. போனைக் கையில குடுத்து படின்னார். படிச்சேன். நான் சமையக்கட்டுலதான் நிக்கறேன். அவர் மேசையில உக்காந்திருக்கார். நான் என்ன சொல்லப் போறேன்னு என் வாயவே பாத்துட்டிருக்கார். இத்தனை வருஷம் கத்திக் கத்திப் பேசிட்டு, இப்ப எனக்கு ஒண்ணும் சொல்ல வரமாட்டேங்குது."

"மெதுவா சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல" என்றார் மேடம்.

"சரி, நீ போனை வை. போன் வாயை மறைக்குது."